வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் இடமில்லை

எந்த ஊர் மன்றத்தின் நிர்வாகக் குழுவிலும் இந்த வாக்குவாதம் ஒரு முறையாவது வந்தே தீரும். "கேட்டு வருகிறவர்களை இடமில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மாடியில் இன்னொரு அரங்கு எழுப்பிவிடலாம்" என்பார் செயலாளர். "இருப்பதே பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, வருகிற வாடகை மின்கட்டணத்துக்கே சரியாகப் போகிறது" என்பார் பொருளாளர். இருவர் சொல்வதும் உண்மைதான். செயலாளர் தொலைபேசியை எடுக்கிறவர், பொருளாளர் கணக்கைப் பார்க்கிறவர். அவரவர் பார்க்கிற பக்கத்தைச் சொல்கிறார்கள்.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு தாள் போதும். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வாடகைக்குக் கொடுத்திருக்க முடியும், அதில் எத்தனை மணி நேரம் போயிற்று என்று கட்டம் கட்டி எழுதிய தாள். பதிவேட்டில் இருக்கிற தொடக்க நேரம், முடிவு நேரம், அறையின் பெயர் மூன்றும் இருந்தால் இதைத் தயாரித்துவிடலாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலைதானே என்று தோன்றும். ஆனால் ஒரே பதிவேட்டை மூன்று பேரிடம் கொடுத்தால் 41 சதவீதம், 20 சதவீதம், 33 சதவீதம் என்று மூன்று விடை வரக்கூடும். மூவரும் கூட்டலில் தவறு செய்திருக்க மாட்டார்கள். அது எப்படி என்பதை ஒரு வாரத்துக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு மன்றத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் நான் வைத்தவை. பதிவுகளோ நம்மூர் மன்றங்களில் வழக்கமாக வருகிறவைதான். பெரிய அரங்கு ஒன்று, நடுவில் மடக்குத் தடுப்பு. தடுப்பை இழுத்துவிட்டால் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று இரண்டாகும். தனியாக இருபது நாற்காலி போட்ட கூட்ட அறை ஒன்று. காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்குப் பூட்டுகிறார்கள், வாரம் ஏழு நாளும். செவ்வாய்க்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை பெரிய அரங்கில் குளிர்சாதனப் பராமரிப்பு, அந்த நேரத்தில் யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த வாரத்துப் பதிவுகள் இவை. கூட்ட அறையில் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 முதல் 9 வரை போட்டித் தேர்வுப் பயிற்சி. அதே அறையில் திங்கள் காலை இரண்டு மணி நேரம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். புதன், வியாழன், வெள்ளி காலைகளில் மும்மூன்று மணி நேரம் மகளிர் சுய உதவிக் குழுப் பயிற்சி. சனிக்கிழமை 9 முதல் 5 வரை ஒரு பயிலரங்கு, ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு சங்கத்தின் செயற்குழு. பெரிய அரங்கின் கிழக்குப் பாதியில் செவ்வாயும் வியாழனும் மாலை 5 முதல் 7 வரை யோகா வகுப்பு, சனி காலை 10 முதல் 1 வரை ஓவிய வகுப்பு, ஞாயிறு மாலை 5 முதல் 8 வரை நூல் விமர்சனக் கூட்டம். அரங்கு முழுவதையும் எடுத்தவர்கள் இரண்டே பேர். வெள்ளி மாலை 5 முதல் 9 வரை ஒரு நூல் வெளியீடு. அடுத்தது ஒரு கல்யாணம். சனி மாலை 4 மணிக்கு வரவேற்பு ஏற்பாடுகளோடு உள்ளே வந்து, ஞாயிறு முகூர்த்தம் முடித்து, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்து மதியம் 2 மணிக்குச் சாவியைத் திருப்பித் தருகிறார்கள்.

சிக்கல் அந்தக் கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. பதிவேட்டில் அது ஒரே வரி. சனி மாலை 4 முதல் ஞாயிறு மதியம் 2 வரை என்றால் 22 மணி நேரம். அவசரத்தில் கணக்குப் போடுகிறவர் ஒவ்வொரு பதிவையும் அது தொடங்கிய நாளின் கணக்கில் எழுதிவிடுவார். அப்படி எழுதினால் மேற்குப் பாதி சனிக்கிழமை 12 மணி நேரத்தில் 22 மணி நேரம் பயன்பட்டதாக வரும், 183 சதவீதம். கிழக்குப் பாதியில் காலை ஓவிய வகுப்பும் சேர்ந்து 208 சதவீதம். நூறைத் தாண்டிய எண்ணை எங்கே பார்த்தாலும் அங்கே கணக்கு முறை பிசகியிருக்கிறது என்று பொருள். ஞாயிறு காலை மண்டபம் நிறைந்து வழிந்தபோது தாளில் அது காலியாகக் கிடக்கும். அது நூறைத் தாண்டாத பிழை, அதனால் கண்ணிலும் படாது.

இதற்கு மருந்து, ஒவ்வொரு பதிவையும் நாள் வாரியாக நறுக்குவது. ஒரு நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். பதிவு தொடங்கிய நேரம், அன்று மன்றம் திறந்த நேரம், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதைத் தொடக்கமாக வைக்க வேண்டும். பதிவு முடிந்த நேரம், அன்று மன்றம் பூட்டிய நேரம், இரண்டில் எது முந்தியதோ அதை முடிவாக வைக்க வேண்டும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் அந்த நாளுக்குரிய பங்கு. கழித்ததில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தப் பதிவு அந்த நாளைத் தொடவே இல்லை, பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எக்செல் தாளில் பதிவின் தொடக்கம் B2, முடிவு C2, அந்த நாள் திறக்கும் நேரம் E1, பூட்டும் நேரம் F1 என்று தேதியோடு சேர்த்து எழுதியிருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=MAX(0, MIN($C2, F$1) - MAX($B2, E$1)) * 24
```

கடைசியில் 24ஆல் பெருக்குவதற்குக் காரணம், எக்செல் ஒரு முழு நாளை 1 என்று வைத்திருக்கிறது, ஆறு மணி நேரம் அதற்கு 0.25. பெருக்காமல் நேரமாகவே கூட்டுகிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. சாதாரண நேர வடிவத்தில் கூட்டுத்தொகை 24ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். 26 மணி நேரம் 2:00 என்று தெரியும். கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால்தான் முழுத் தொகையும் வெளியே வரும். மாதக் கணக்கில் எல்லா அறைகளும் 24 மணிக்குள் அடங்கியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சூத்திரத்தைக் கல்யாணத்துக்குப் போட்டால் சனிக்கிழமைக்கு 4 முதல் 9 வரை ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைக்கு 9 முதல் 2 வரை ஐந்து மணி நேரம். மொத்தம் பத்து. மீதிப் பன்னிரண்டு மணி நேரம் எங்கே போனது? இரவு 9 முதல் காலை 9 வரை, மன்றம் பூட்டியிருக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் உள்ளே உறவினர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள், சமையல்காரர் விடியுமுன்னே அடுப்பு மூட்டினார், பெரும்பாலும் தாலியே அப்போதுதான் கட்டியிருப்பார்கள். அதைப் பயன்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி. சிலர் இதற்காகவே மன்றத்தின் நேரத்தை இருபத்துநான்கு மணி என்று மாற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கல்யாணத்தின் இரவு கணக்கில் வந்துவிடும், கூடவே யாரும் கேட்டு வராத மற்ற ஆறு இரவுகளும் கணக்கில் வந்து உட்காரும். கிழக்குப் பாதியின் பயன்பாடு 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்கு இறங்கும். கல்யாணத்தைக் கௌரவிக்கப் போய் யோகா வகுப்பைத் தண்டித்த மாதிரி. என் கருத்து, நறுக்கி எறிந்த மணிகளை எறிந்துவிடாமல் "நேரத்துக்கு வெளியே" என்று தனிப் பத்தியில் வைப்பதே நல்லது. இரண்டு பாதிக்கும் சேர்த்து 24 மணி நேரம் அங்கே இருக்கும். காவலாளிக்கு இரவுப்படி கொடுக்கவும், இரவு வாடகை நிர்ணயிக்கவும் அந்த எண் தனியாக வேண்டும். சதவீதத்தில் மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது.

அடுத்த சிக்கல் மடக்குத் தடுப்பு. முன்பதிவு நோட்டிலும் மென்பொருளிலும் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும். பெரிய அரங்கு, கிழக்குப் பாதி, மேற்குப் பாதி. வாடகை மூன்றுக்கும் வேறு வேறு என்பதால் அப்படி எழுதுவது பதிவுக்கு வசதி. அறிக்கையிலும் மூன்றையும் தனித்தனி அறையாக எழுதினால் கட்டடத்தில் இல்லாத ஓர் அறையை நாமே காகிதத்தில் கட்டிவிடுகிறோம். நம் வாரத்தில் பெரிய அரங்கு 14 மணி நேரம், கிழக்கு 10, மேற்கு பூஜ்யம், கூட்ட அறை 42, ஆகமொத்தம் 66 என்று வரும். கொடுக்கக்கூடிய நேரமோ ஒவ்வோர் அரங்குப் பெயருக்கும் 80, கூட்ட அறைக்கு 84, ஆகமொத்தம் 324. வகுத்தால் 20 சதவீதம். கல்யாணம் நடக்கும்போது கிழக்குப் பாதி "காலி" என்றும், யோகா நடக்கும்போது முழு அரங்கு "காலி" என்றும் அந்தத் தாள் சொல்லும். எவ்வளவுதான் நிகழ்ச்சி சேர்த்தாலும் அந்தத் தாளில் நூறு சதவீதம் வரவே வராது.

வழி எளியது. சுவரோ தடுப்போ பிரிக்கிற மிகச் சிறிய துண்டுகளை மட்டுமே அறிக்கையில் அறை என்று எண்ண வேண்டும். பெரிய அரங்கைப் பதிவு செய்தால் அது கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று இரண்டு வரியாகப் போக வேண்டும். அப்போது எங்கேயும் ஒரு மணி நேரம் இரண்டு முறை எண்ணப்படாது, விட்டும் போகாது.

இப்போது தாளை எழுதிவிடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் பயன்பட்ட மணி நேரம், இரண்டாவது கொடுக்கக்கூடிய மணி நேரம்.

| நாள் | கிழக்கு | மேற்கு | கூட்ட அறை | மொத்தம் | சதவீதம் |
|---|---|---|---|---|---|
| திங்கள் | 0 / 12 | 0 / 12 | 6 / 12 | 6 / 36 | 16.7 |
| செவ்வாய் | 2 / 8 | 0 / 8 | 4 / 12 | 6 / 28 | 21.4 |
| புதன் | 0 / 12 | 0 / 12 | 7 / 12 | 7 / 36 | 19.4 |
| வியாழன் | 2 / 12 | 0 / 12 | 7 / 12 | 9 / 36 | 25.0 |
| வெள்ளி | 4 / 12 | 4 / 12 | 7 / 12 | 15 / 36 | 41.7 |
| சனி | 8 / 12 | 5 / 12 | 8 / 12 | 21 / 36 | 58.3 |
| ஞாயிறு | 8 / 12 | 5 / 12 | 3 / 12 | 16 / 36 | 44.4 |
| மொத்தம் | 24 / 80 | 14 / 80 | 42 / 84 | 80 / 244 | 32.8 |

மேலிருந்து கீழே கூட்டினாலும் இடமிருந்து வலமாகக் கூட்டினாலும் 80தான் வருகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் தாளைக் குழுவின் முன் வைக்கக் கூடாது. இரண்டு வழியிலும் வேறு வேறு தொகை வந்தால் ஏதோ ஒரு பதிவு இல்லாத அறைப் பெயரிலோ தவறான தேதியிலோ விழுந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமையில் 12க்குப் பதில் 8 என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பராமரிப்புக்காக மூடிய நான்கு மணி நேரத்தைக் கொடுக்கக்கூடிய நேரத்திலிருந்தே கழித்துவிட்டேன். கொடுக்கவே முடியாத நேரத்தைக் காலி என்று எண்ணினால் பராமரிப்பைச் சரியாகச் செய்கிற மன்றம் சோம்பேறி மன்றமாகத் தெரியும். இதையே பராமரிப்பு என்கிற பெயரில் ஒரு "பதிவாக" நோட்டில் எழுதிவைக்கிற பழக்கமும் உண்டு, வேறு யாரும் அந்த நேரத்தைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. அது பயன்பட்ட மணிகளோடு சேர்ந்துவிட்டால் மின்பணியாளர் ஒருவர் இரண்டு அரங்குகளையும் வாடகைக்கு எடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே மூடல்களுக்கு நோட்டில் ஒரு தனிக்குறி வேண்டும்.

பராமரிப்பைக் கழிக்காமல், கல்யாணத்தின் 22 மணியையும் நறுக்காமல் கணக்குப் போடுகிறவருக்கு 252இல் 104, அதாவது 41 சதவீதம் கிடைக்கும். இல்லாத அறையைக் கட்டியவருக்கு 20. சரியாகப் போட்டால் 33. தொடக்கத்தில் சொன்ன மூன்று விடைகளும் இப்படித்தான் வந்தன. மாடி கட்ட விரும்புகிறவர் முதல் எண்ணையும், வேண்டாம் என்பவர் இரண்டாவது எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு வந்தால் கூட்டம் நள்ளிரவு வரை நீளும்.

சதவீதங்களைக் கூட்டிச் சராசரி பார்க்கிற பழக்கத்தையும் இங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஓர் அறை ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் மட்டும் திறந்திருந்து, அந்த நான்கும் பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதவீதம். மற்ற ஆறு நாளும் 12 மணி நேரத்தில் மூன்று மணி நேரம், 25 சதவீதம். ஏழு சதவீதங்களின் சராசரி 35.7. ஆனால் 76 மணி நேரத்தில் உண்மையில் பயன்பட்டது 22 மணி நேரம்தான், 28.9 சதவீதம். குறைந்த நேரம் திறந்த நாளுக்குத் தகுதிக்கு மேல் எடை கிடைத்துவிட்டது. எந்த மட்டத்திலும் மணிகளைக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும்.

சரி, தாள் வந்துவிட்டது. 33 சதவீதம் என்றால் நல்லதா கெட்டதா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பகலில் யாரும் வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் பொதுமன்றம் காலை 9 முதல் நிறையும். தாளின் பயன் அதன் கட்டங்களில் இருக்கிறது, மூலையில் இருக்கிற மொத்தத்தில் அல்ல. வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். 41.7 சதவீதம், பாதிக்கு மேல் காலி. பொருளாளர் சொன்னது சரியென்றே தோன்றும். அந்த நாளை மட்டும் இரண்டாக மடித்து, மாலை 5 முதல் 9 வரையிலான நான்கு மணி நேரத்தைத் தனியாகப் பாருங்கள். கிழக்கும் மேற்கும் நூல் வெளியீட்டுக்கு, கூட்ட அறை பயிற்சிக்கு. 12 மணி நேரத்தில் 12. ஒரு நாற்காலி போட இடமில்லை. செயலாளர் சொன்னதும் சரி.

வாரம் முழுவதையும் இப்படி மடித்தால், மாலை நேரத்தில் 84 மணியில் 43 பயன்பட்டிருக்கிறது, 51 சதவீதம். பகலில் 160 மணியில் 37, வெறும் 23 சதவீதம். மாலை நிறைந்தது வெள்ளி ஒன்றில்தான். சனி மாலையில் கல்யாணத்துக்கு அரங்கு போனாலும் கூட்ட அறை காலி. திங்களும் புதனும் மாலையில் பெரிய அரங்கின் இரண்டு பாதியும் இருட்டில் கிடக்கின்றன. ஆகவே நாள், அறை என்ற இரண்டு அச்சோடு பகல், மாலை என்று ஒரே ஒரு கோடு கூடுதலாகப் போட்டுவிட்டால் போதும். மணிக்கு மணி பிரித்துப் பெரிய வண்ண அட்டவணை போடுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், குழுவில் இரண்டு பேர்கூடப் படிக்க மாட்டார்கள்.

மேற்குப் பாதியின் கட்டங்களையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளி 4, சனி 5, ஞாயிறு 5, மற்றவை பூஜ்யம். மூன்று எண்களும் முழு அரங்கை எடுத்தவர்களால் வந்தவை. மேற்குப் பாதியைத் தனியாக யாரும் கேட்கவில்லை. தாள் இதோடு நின்றுவிடும், காரணத்தைச் சொல்லாது. அதற்கு எழுந்து போய் அரங்கைப் பார்க்க வேண்டும். இப்படிப் பிரிக்கிற அரங்குகளில் வழக்கமாக வாசற்கதவு ஒரு பாதியில்தான் இருக்கும், அல்லது ஒலிபெருக்கியும் மின்விசிறிகளின் சுவிட்சுகளும் ஒரே பக்கத்தில் இருக்கும். மடக்குத் தடுப்பு ஒலியைத் தடுப்பதும் அரைகுறைதான், பக்கத்துப் பாதியில் ஆர்மோனியம் வாசித்தால் இந்தப் பாதியில் கவிதை படிக்க முடியாது. கதவு ஒன்று திறந்துவிட்டாலே பாதி அரங்கு புதிதாகக் கிடைத்த மாதிரி இருக்கும் நிலையில் மாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை "பயன்பட்டது" என்று எழுதிவந்தேன். கண்டிப்பாகப் பார்த்தால் அந்தச் சொல் சரியில்லை. இந்தத் தாளில் இருப்பவை எல்லாம் பதிவான மணிகள். யோகா ஆசிரியருக்குக் காய்ச்சல் என்று வகுப்பு நடக்காமல் போனாலும் இரண்டு மணி நேரம் தாளில் இருக்கும். பயிற்சி வகுப்பு 5 மணிக்கு என்று பதிவு செய்துவிட்டு, மாணவர்கள் அலுவலகம் முடித்து வர ஆறு மணியாகும் என்றால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் விளக்கு எரியாமலே "பயன்பட்டிருக்கும்". இதைக் கண்டுபிடிக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். காவலாளியிடம் சாவி வாங்கிய நேரமும் திருப்பிக் கொடுத்த நேரமும் எழுதுகிற நோட்டு இருந்தால் அதை இந்தத் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாதாமாதம் செய்ய வேண்டியதில்லை, ஆண்டில் ஓரிரு வாரம் பார்த்தாலே யார் இடம் பிடித்து வைத்துக்கொண்டு வராமல் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வாடகை இல்லாமல் அல்லது மிகக் குறைந்த வாடகைக்கு ஆண்டு முழுவதும் எழுதிவைத்த தொடர் பதிவுகளில்தான் இது அதிகம்.

பிரிட்டனில் பல்கலைக்கழக வகுப்பறைகளுக்கு இதை இரண்டு அளவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அறை எத்தனை மணி நேரம் பயன்பட்டது என்பது ஒன்று, பயன்பட்ட நேரத்தில் எத்தனை இருக்கை நிறைந்தது என்பது இன்னொன்று. ஆட்கள் அறை அறையாகப் போய்த் தலையை எண்ணுவார்கள். இரண்டையும் பெருக்கினால் மொத்தப் பயன்பாடு. நம் கூட்ட அறை பாதி நேரம் பயன்படுகிறது. இருபது நாற்காலியில் சராசரியாக எட்டு பேர் உட்கார்ந்தால் இருக்கைக் கணக்கு 40 சதவீதம். பெருக்கினால் 20 சதவீதம். மன்றத்துக்கு இந்த இரண்டாவது அளவு எப்போதும் தேவைப்படாது, முழு வாடகை கொடுத்தவர் எட்டு பேரோடு உட்கார்ந்தால் நமக்கு என்ன? ஆனால் முப்பது பேருக்காகப் பெரிய அரங்கை எடுப்பவர்கள் அடிக்கடி வந்தால், அறுபது பேர் அமர்கிற நடுத்தர அறை இல்லாத குறை அதில் தெரியும்.

பதிவு நேரம் எது என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். நூல் வெளியீடு 6 மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். 5 மணிக்கே வந்து பதாகை கட்டி, நாற்காலி போட்டு, மைக் சோதிப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாருக்கும் அரங்கைக் கொடுக்க முடியாது. ஆகவே அரங்கு மற்றவர்களுக்கு மூடியிருந்த நேரம் முழுவதும் பதிவுதான். அழைப்பிதழ் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுகிற மன்றங்களில் தாள் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், கூடவே அடுத்தடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் வாசலில் மோதிக்கொள்வார்கள்.

ஒரே அறைக்கு 6 முதல் 8 என்று ஒரு பதிவும், 7 முதல் 9 என்று இன்னொரு பதிவும் தவறுதலாக இருந்தால் கூட்டல் நான்கு என்று சொல்லும், கடிகாரம் மூன்று என்று சொல்லும். இதில் சதவீதம் நூறைத் தாண்டாது, ஆகவே தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பதிவுகளை அறை வாரியாக, தொடக்க நேர வரிசையில் அடுக்கி, ஒன்றின் தொடக்கம் அதற்கு முந்தைய எல்லாப் பதிவுகளின் முடிவுகளிலும் மிகப் பிந்தியதற்கு முன்னால் இருக்கிறதா என்று ஒரு பத்தியில் சரிபார்த்துவிட்டுத்தான் கூட்டத் தொடங்க வேண்டும். முன்பணம் கட்டாத தற்காலிகப் பதிவுகளைச் சேர்க்கக் கூடாது. ரத்தான பதிவுகளை அழித்துவிடவும் கூடாது, ரத்து என்று குறித்து, ரத்தான தேதியையும் எழுதிவைக்க வேண்டும். கடைசி நாளில் ரத்தான வெள்ளி மாலை காலியாகக் கிடந்த கதை, வரியையே அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும்.

ஒரு வாரத்துத் தாளைக் கொண்டு மாடி கட்டுகிற முடிவுக்கு வர முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் காலத்துத் தாளை எதனோடு ஒப்பிடுவது என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாளுக்கு அடிபிடி. ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிவதால், ஆங்கில மாதத் தாளில் அது இரண்டாக வெட்டுப்பட்டு, ஜூலையும் ஆகஸ்டும் இரண்டுமே சுமாரான மாதங்களாகத் தெரியும். கல்யாணங்களும் நடக்கிற மன்றத்துக்குத் தமிழ் மாதப்படி ஒரு தாள் போடுவதே சரி. இந்த ஆவணியைப் போன ஆவணியோடு ஒப்பிடலாம், ஆடியோடு ஒப்பிட்டு "இரு மடங்கு வளர்ச்சி" என்று ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிப்பது கைதட்டலுக்கு மட்டும் உதவும்.

செயலாளரின் வாதத்துக்கு இந்தத் தாளில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பதிவேட்டில் இல்லை, ஆகவே தாளிலும் இல்லை. வெள்ளி மாலை 12 மணியில் 12 என்பது ஒருவரும் திரும்பிப் போகாத வெள்ளிக்கும் பொருந்தும், பத்துப் பேர் திரும்பிப் போன வெள்ளிக்கும் பொருந்தும். நூறைத் தொட்ட பிறகு அந்தக் கட்டம் ஊமையாகிவிடுகிறது. தொலைபேசிக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைத்தால்தான் மேற்கொண்டு தெரியும். அழைத்த தேதி, கேட்ட நாளும் நேரமும், எத்தனை பேருக்கு, வேறு நாள் சொன்னபோது ஒப்புக்கொண்டாரா இல்லையா. பெயர்கூட வேண்டாம். திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளி மாலைக்கு இருபது பேர் உட்கார ஓர் அறை கேட்டவர்கள் என்று தெரிந்தால், பயிற்சி வகுப்பை வெள்ளியன்று மட்டும் மேற்குப் பாதிக்கு மாற்றிப் பார்க்கலாம், அன்று அரங்கு முழுவதையும் யாரும் எடுக்காதிருந்தால். எல்லோரும் வியாழன் என்றாலும் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தால் கட்டுமானப் பேச்சுக்கே இடமில்லை. ஒப்புக்கொள்ளாமல் போனவர்கள் முந்நூறு பேருக்கு அரங்கு கேட்டவர்களாக இருந்தால், அதுவும் முகூர்த்த நாட்களில் மட்டும் என்றால், செயலாளர் மாடியின் வரைபடத்தைக் கொண்டுவரலாம். பொருளாளர் அப்போதும் ஆண்டுக்கு எத்தனை முகூர்த்த நாள் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.